கயலின் இத்தாலியக் கடிதம்: ஆங்கிலத்தைத் தள்ளிவைத்துத் தமிழ் வழியாக எழுதிய கதை

என் அக்கா மகள் கயல் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். வீடு அலங்காநல்லூர் பக்கம். நான் ரோமில் சில வருடங்கள் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவள். நான் கவனித்துக்கொண்ட ஒரு பாட்டியின் பேத்தி அங்கே நடுநிலைப் பள்ளியில் ஆசிரியை. அவர் வகுப்பில் இருக்கும் கியாரா என்ற பெண்ணுக்குக் கயல் பேனா நண்பியாகக் கடிதம் எழுதுவது என்று ஏற்பாடு. பள்ளியைப் பற்றியும் பண்டிகையைப் பற்றியும் ஒரே ஒரு பக்கம் எழுத வேண்டும், அதுவும் இத்தாலியனில். கயலுக்கு அந்த மொழியில் 'சாவ்' தவிர ஒரு சொல்லும் தெரியாது.

இப்படி ஒரு கடிதம் எழுத முயல்கிற பிள்ளைகளும் பெரியவர்களும் பெரும்பாலும் போகும் வழி ஒன்றுதான். மனதில் தமிழில் நினைப்பார்கள், அதை ஆங்கிலமாக்குவார்கள், பிறகு கைபேசி அகராதியில் ஆங்கிலச் சொல்லைப் போட்டு இத்தாலியச் சொல்லை எடுத்து அடுக்குவார்கள். கயலும் அப்படித்தான் முதல் வரிகளை எழுதிக்கொண்டு வந்தாள். அவற்றைப் பார்த்ததும் எனக்கு ஒன்று தெளிவாகப் புரிந்தது: பிழைகளில் பாதிக்குமேல் நடுவில் நிற்கும் ஆங்கிலத்திலிருந்து வந்தவை. தமிழிலிருந்து நேராக இத்தாலியனுக்குப் போனால் அந்தப் பிழைகள் வரவே வராது. ஆகவே ஆங்கிலத்தை மூடி வைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தோம்.

அவள் எழுதி வந்ததில் ஒரு வரி: 'இயோ பியாச்சோ லா மாதேமாதிகா'. கணக்குப் பாடம் பிடிக்கும் என்று சொல்ல நினைத்திருக்கிறாள். 'இயோ' என்றால் நான். ஆங்கிலத்தில் பிடிக்கிற ஆள் எழுவாயாக முன்னால் நிற்பதால் 'நான்' என்று தொடங்கிவிட்டாள். 'இயோ பியாச்சோ' என்று ஒரு இத்தாலியர் படித்தால், 'என்னை மற்றவர்களுக்குப் பிடிக்கும்' என்று புரிந்துகொள்வார். அதன் பின்னால் கணக்கு ஏன் வருகிறது என்று விழிப்பார்.

"சரி, இதைத் தமிழில் சொல்லு" என்றேன்.

"எனக்குக் கணக்குப் பிடிக்கும் சித்தி."

"அதை அப்படியே வை. 'மி' என்றால் எனக்கு. 'பியாச்சே' என்றால் பிடிக்கும். 'லா மாதேமாதிகா' கணக்கு."

மி பியாச்சே லா மாதேமாதிகா. தமிழில் 'எனக்கு' என்று நான்காம் வேற்றுமையில் தொடங்குவது போலவே அங்கேயும் தொடங்குகிறது. பிடித்த பொருள்தான் எழுவாய். ஒரே ஒரு வேறுபாட்டைச் சொல்லிக்கொடுத்தேன். பிடித்தது பலவானால் நாம் 'பிடிக்கும்' என்றே விட்டுவிடுவோம். அவர்கள் வினையையும் பன்மையாக்கி 'மி பியாச்சோனோ' என்பார்கள். மாம்பழங்கள் பிடிக்கும் என்றால் 'மி பியாச்சோனோ இ மாங்கோ'. இதைப் புரிந்துகொள்ள அவளுக்கு அதிக நேரம் ஆகவில்லை. 'மி பியாச்சே' என்று வைத்துத் தோசை, மழை, ஞாயிற்றுக்கிழமை என்று தானே வாக்கியம் கட்ட ஆரம்பித்துவிட்டாள்.

எழுவாயை விட்டுவிடுவதும் இதே மாதிரிதான். 'பள்ளிக்குப் போகிறேன்' என்றாலே போவது யார் என்று நமக்குத் தெரியும். 'ஏன்' விகுதி அதைச் சொல்லிவிடுகிறது. இத்தாலியனிலும் 'வாதோ ஆ ஸ்குவோலா' போதும். 'வாதோ'வின் கடைசி ஓகாரமே 'நான்' என்பதைச் சொல்லிவிடும். ஆங்கில வழியில் வந்த முதல் வரைவில் ஒவ்வொரு வரியும் 'இயோ' என்று தொடங்கியது. அது இலக்கணப் பிழை இல்லை. ஆனால் 'நான்தான், நான்தான்' என்று வரிக்கு வரி அழுத்திச் சொல்வது போல ஒலிக்கும். எல்லா 'இயோ'வையும் அடித்தோம். நான் அல்ல, நீ என்று ஆளை மாற்றிக் காட்டும் இடத்தில் மட்டும் எழுவாய் தேவைப்படும். கடிதக் கடைசியில் 'எ தூ?' (நீ எப்படி?) என்று கேட்கும் 'தூ' அதற்காகத்தான் நிற்கிறது. 'தூ' என்பது நம் 'நீ'. மரியாதைக்கு 'லெய்' இருக்கிறது. பன்னிரண்டு வயதுப் பிள்ளை இன்னொரு பிள்ளைக்கு எழுதும்போது 'லெய்' போட்டால் ஏதோ அலுவலகக் கடிதம் போல ஆகிவிடும். 'நீ', 'நீங்கள்' இருக்கும் வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு இதை விளக்கவே வேண்டியிருக்கவில்லை.

தமிழ் உதவாத இடங்களும் உண்டு. அவற்றுக்குத்தான் அதிக நேரம் போனது.

முதலாவது, 'என் பள்ளி பெரியது' என்ற வாக்கியம். இதில் நமக்கு வினைச்சொல் தேவையில்லை. கயல் தமிழை அப்படியே வைத்து 'லா மியா ஸ்குவோலா க்ராந்தே' என்று எழுதினாள். அது 'என் பெரிய பள்ளி...' என்று பாதியில் நிற்கிறது. பெரிய பள்ளிக்கு என்ன ஆயிற்று என்று படிப்பவர் காத்திருப்பார். நடுவே 'ஏ' வர வேண்டும்: லா மியா ஸ்குவோலா ஏ க்ராந்தே. 'ஆகும்' என்று பழைய உரைநடையில் முடிப்போமே, அந்த வேலையை இந்த ஒற்றை எழுத்து செய்கிறது.

அந்த எழுத்தைக் கையால் எழுதுவதில்தான் அடுத்த சிக்கல். ரோமன் எழுத்தில் 'ஈ' என்று நாம் சொல்லும் அந்த எழுத்தை வெறுமனே எழுதினால் 'உம்', அதாவது இணைப்புச் சொல். தலையில் ஒரு சாய்கோடு போட்டால் 'ஆகும்'. இந்தப் பதிவில் வெறும் எழுத்தை 'எ' என்றும் கோடு போட்டதை 'ஏ' என்றும் எழுதுகிறேன். ஒலியில் வேறுபாடு இருந்தாலும் நீளத்தில் இல்லை. கண்ணுக்குத் தெரிவதற்காக இப்படி வைத்துக்கொண்டேன். கோடு இடது மேலிருந்து வலது கீழாகச் சரிய வேண்டும். எதிர்ப்பக்கம் சரியும் கோடும் அவர்களிடம் உண்டு, அது வேறு சொற்களுக்கு. கயல் முதலில் நேர்க்கோடாகவே போட்டுக்கொண்டிருந்தாள்.

தமிழில் எகரத்தையும் ஏகாரத்தையும் வடிவத்தில் பிரித்துக் காட்டியவர் வீரமாமுனிவர் என்று பாடத்தில் படிக்கிறாள். மதுரை மிஷனைச் சேர்ந்த அவர் இத்தாலியில் 1680-ல் பிறந்தவர், பெயர் பெஸ்கி. இதைச் சொன்னதும் அவள் கோட்டைக் கவனமாகப் போட ஆரம்பித்தாள். அவர் பெயரே எங்களுக்கு இன்னொரு பாடத்துக்கும் உதவியது. ரோமன் எழுத்தில் அந்தப் பெயரில் 'சி', 'எச்' இரண்டும் சேர்ந்து வருகின்றன. ஆங்கிலக் கண் அதைப் 'பெஷ்சி' என்று படிக்கும். இத்தாலியனில் 'சி'க்குப் பின்னால் 'எச்' வந்தால் ககரம்தான். 'எச்' இல்லாமல் இ, எ ஒலிகள் வந்தால் சகரம். அதனால்தான் தோழியின் பெயர் சியாரா அல்ல, கியாரா. 'என் பெயர்' என்பதும் 'மி கியாமோ'. ஆனால் பன்னிரண்டு என்பது 'தோதிச்சி'. பெஸ்கி, கியாரா, கியாமோ மூன்றையும் ஒரு வரிசையில் எழுதி மேசை மேல் ஒட்டினோம்.

இரண்டாவது, பால். மேசையும் புத்தகமும் நமக்கு அஃறிணை, அதோடு முடிந்தது. அங்கே ஒவ்வொரு பொருளும் ஆண்பால் அல்லது பெண்பால். பள்ளி பெண், அரிசி ஆண், பண்டிகை பெண், பால் ஆண். இதற்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் துணை கிடையாது. ஓகாரத்தில் முடிந்தால் பெரும்பாலும் ஆண், ஆகாரத்தில் முடிந்தால் பெரும்பாலும் பெண், எகரத்தில் முடிந்தால் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். அதனால் நான் வைத்த விதி: எந்தப் பெயர்ச்சொல்லையும் தனியாக நோட்டில் எழுதக்கூடாது. முன்னால் 'இல்' அல்லது 'லா' சேர்த்தே எழுத வேண்டும். 'லாத்தே' என்று எழுதாமல் 'இல் லாத்தே' என்று எழுதுவது. ஆணுக்கு நீலம், பெண்ணுக்குச் சிவப்பு. கடிதத்துக்குத் தேவையான சொற்கள் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிட்டன. அந்தப் பக்கத்தில் இல்லாத சொல் கடிதத்தில் வராது என்று முடிவு செய்துகொண்டோம். ஒரு பக்கக் கடிதத்தைக் காப்பாற்றுவது இந்தக் கட்டுப்பாடுதான்.

வயதைச் சொல்லும் வரியைத் தனியாகச் சொல்ல வேண்டும். 'எனக்குப் பன்னிரண்டு வயது' என்பதை அவர்கள் 'பன்னிரண்டு வருடங்கள் வைத்திருக்கிறேன்' என்ற மாதிரி சொல்வார்கள்: ஓ தோதிச்சி ஆன்னி. 'ஓ' என்பதற்கு முன்னால் ஒலிக்காத 'எச்' ஒன்று எழுத வேண்டும். விட்டால் 'அல்லது' என்ற சொல்லாகிவிடும். அதைவிட முக்கியம் 'ஆன்னி'யில் உள்ள இரட்டை 'என்'. ஒன்றை விட்டால் அது ஆசனவாய் என்று பொருள்படும் சொல். வெளிநாட்டுப் பிள்ளைகளின் கடிதங்களில் இது அடிக்கடி நடக்கும். வகுப்பில் சத்தமாகப் படித்தால் பிள்ளைகள் சிரித்து ஓயமாட்டார்கள். கயலுக்கு நான் காரணத்தை நேராகவே சொன்னேன். மெய் இரட்டிப்பது நமக்குப் பழகிய விஷயம். கனிக்கும் கன்னிக்கும் உள்ள வேறுபாட்டை எந்தத் தமிழ்ப் பிள்ளையும் காதால் கண்டுபிடிக்கும். இத்தாலியனில் 'பேனா' என்றால் துயரம், 'பேன்னா' என்றால் எழுதும் பேனா. நான் வாசிக்க அவள் எழுதினாள். இரட்டை மெய் ஒன்றைக்கூட அவள் தவறவிடவில்லை. ஆங்கில எழுத்துக்கூட்டலை மனதில் வைத்துக்கொண்டு எழுதியபோதுதான் விட்டிருந்தாள்.

மொழி ஒரு வழிக்கு வந்தபிறகு உள்ளடக்கம். இங்கே பார்க்க வேண்டியது, அந்தப் பக்கம் படிக்கும் பிள்ளைக்கு எது புரியும் என்பது. ஏழாம் வகுப்பு என்று மட்டும் எழுதினால் கியாராவுக்கு ஒன்றும் தெரியாது. அங்கே தொடக்கப் பள்ளி ஐந்து வருடம், பிறகு நடுநிலை மூன்று வருடம், ஒவ்வொன்றிலும் எண் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். நம் ஏழாம் வகுப்பு அவர்களுக்கு 'செகோந்தா மேதியா', நடுநிலை இரண்டாம் ஆண்டு. கணக்கில் 85 வாங்கினேன் என்று எழுதவும் கயலுக்கு ஆசை. அங்கே மதிப்பெண் பத்துக்கு, ஆறு வந்தால் தேர்ச்சி. வெறும் 85 அவர்களைக் குழப்பும். நூற்றுக்கு என்று சேர்க்கலாம், ஆனால் முதல் கடிதத்தில் மதிப்பெண் எதற்கு என்று விட்டுவிட்டோம். அதற்குப் பதிலாகச் சத்துணவைச் சேர்த்தோம். பள்ளியிலேயே சோறு, சாம்பார், முட்டை என்பது கியாராவுக்குப் புதிதாக இருக்கும். அங்கே பல நடுநிலைப் பள்ளிகளில் மதியத்தோடு வகுப்பு முடிந்து பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவார்கள்.

பண்டிகையில் கயல் எல்லாவற்றையும் எழுத விரும்பினாள். தீபாவளி, பொங்கல், மீனாட்சி திருக்கல்யாணம், அழகர் ஆற்றில் இறங்குவது. நான்கையும் ஒரு பக்கத்தில் போட்டால் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிதான் மிஞ்சும், பெயர்ப் பட்டியலாகிவிடும். எழுதிய நேரம் தை மாதம். பொங்கல் முடிந்து பாலமேடு, அலங்காநல்லூர் வாடிவாசல் சத்தம் காதில் இருந்த சமயம். பொங்கல் மட்டும் போதும், சித்திரைத் திருவிழா அடுத்த கடிதத்துக்கு என்று பேசி முடித்தோம்.

பொங்கலை 'அறுவடைப் பண்டிகை' என்று ஒரு சொற்றொடரில் சொன்னால் போதும். இத்தாலியில் கிராமங்களில் திராட்சை, கஷ்கொட்டை அறுவடைக்கெல்லாம் திருவிழா உண்டு என்பதால் உடனே பிடிபடும். வெல்லத்துக்கு 'ட்சூக்கெரோ தி கான்னா' என்று ஒன்று இருக்கிறது. ஆனால் அது அங்கே கடையில் கிடைக்கும் பழுப்புச் சர்க்கரை, நம் மண்டை வெல்லம் அல்ல. அதை விட்டுவிட்டுப் பால் பொங்கும் காட்சியை மட்டும் வைத்தோம். பால் கொதித்துப் பொங்கி வழிவதற்கு 'த்ராபோக்கா' என்ற சரியான சொல் இருக்கிறது.

ஜல்லிக்கட்டுதான் கவனமாக எழுத வேண்டிய இடம். காளை என்று எழுதியதுமே அங்கே உள்ளவர்களுக்கு ஸ்பெயின் நாட்டுக் காளைச் சண்டை நினைவுக்கு வரும். வாளும் இரத்தமும் வந்துவிடும். கைபேசி அகராதி கொடுத்த வினைச்சொல்லும் 'சண்டையிடு' என்பதுதான். அதைத் தள்ளினோம். ஏறு தழுவுதல் என்ற பழைய பெயரைப் பிடித்துக்கொண்டு, தழுவுவதற்கு 'அப்ப்ராச்சானோ' என்று போட்டோம். திமிலுக்கு 'கோப்பா'. அடுத்து 'யாரும் காளையைக் கொல்வதில்லை' என்று ஒரு நேரான வாக்கியம். கயலின் பக்கத்து வீட்டுக் காளை வாடிவாசலில் இருந்து வெளிவந்து வீட்டுக்குத் திரும்பி வைக்கோல் தின்றுகொண்டிருக்கிறது. அதை அவர்கள் வேறு மாதிரி நினைத்துவிடக்கூடாது என்பதில் அவளே உறுதியாக இருந்தாள்.

முழுக் கடிதம் இது. ஒலியைத் தமிழ் எழுத்தில் தருகிறேன்.

மதுரை, 25 ஜென்னாயோ

காரா கியாரா,
மி கியாமோ கயல் எ ஓ தோதிச்சி ஆன்னி. ஆபித்தோ இன் உன் பயேஸே விச்சீனோ ஆ மதுரை, நெல் சூத் தெல்லிந்தியா. ஃப்ரெக்வென்தோ லா செத்திமா க்லாஸ்ஸே: பெர் தே ஏ லா செகோந்தா மேதியா.

லா மியா ஸ்குவோலா ஏ க்ராந்தே. ச்சி சோனோ மோல்தி ஆல்பெரி. ஸ்தூதியோ இல் தமில், லிங்க்லேஸே, லா மாதேமாதிகா, லே ஷென்ஸே எ லா ஸ்தோரியா. மி பியாச்சே லா மாதேமாதிகா. ஆ மெட்ஸோஜோர்னோ மாஞ்ஜாமோ ஆ ஸ்குவோலா: ரீஸோ, சாம்பார் எ உன் உவோவோ.

ஆ ஜென்னாயோ ச்சே இல் பொங்கல், லா ஃபெஸ்தா தெல் ரக்கோல்தோ. குச்சினியாமோ இல் ரீஸோ நுவோவோ கோன் இல் லாத்தே. இல் லாத்தே போல்லே எ த்ராபோக்கா, எ நோய் க்ரிதியாமோ: "பொங்கலோ பொங்கல்!" போய் ச்சி சோனோ இ தோரி. இ ரகாத்ஸி அப்ப்ராச்சானோ லா கோப்பா தெல் தோரோ. நெஸ்ஸூனோ உச்சீதே இல் தோரோ.

தி மாந்தோ உன் கோலம்: ஏ உன் திஸேஞ்ஞோ கே ஃபச்சாமோ தவாந்தி ஆல்லா போர்தா.

எ தூ? கோமே லா துவா ஸ்குவோலா? கே கோஸா ஃபாதே ஆ கார்னெவாலே?

உன் அப்ப்ராச்சோ,
கயல்

தமிழில் சொன்னால்: "அன்புள்ள கியாரா, என் பெயர் கயல், எனக்குப் பன்னிரண்டு வயது. இந்தியாவின் தெற்கில், மதுரைக்குப் பக்கத்து ஊரில் இருக்கிறேன். ஏழாம் வகுப்புப் படிக்கிறேன், உன் கணக்குப்படி அது நடுநிலை இரண்டு. என் பள்ளி பெரியது. நிறைய மரங்கள் இருக்கின்றன. தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், வரலாறு படிக்கிறேன். எனக்குக் கணக்குப் பிடிக்கும். மதியம் பள்ளியிலேயே சாப்பிடுகிறோம்: சோறு, சாம்பார், ஒரு முட்டை. ஜனவரியில் பொங்கல், அறுவடைப் பண்டிகை. புதிய அரிசியைப் பாலோடு பொங்குகிறோம். பால் கொதித்து வழியும்போது 'பொங்கலோ பொங்கல்' என்று கத்துவோம். பிறகு காளைகள். பையன்கள் காளையின் திமிலைத் தழுவுவார்கள். யாரும் காளையைக் கொல்வதில்லை. உனக்கு ஒரு கோலம் அனுப்புகிறேன், வாசலில் நாங்கள் போடும் படம் அது. நீ எப்படி? உன் பள்ளி எப்படி இருக்கும்? கார்னிவலுக்கு என்ன செய்வீர்கள்? அன்புடன் தழுவும், கயல்."

வடிவத்தில் பார்க்க வேண்டியவை சில. ஊரும் தேதியும் மேலே, மாதப் பெயர் சிறிய எழுத்தில்தான் தொடங்கும். 'காரா கியாரா'வுக்குப் பின் காற்புள்ளி, அடுத்த வரியும் சிறிய எழுத்தில் தொடங்கும். பையனுக்கு எழுதினால் 'காரோ'. கேள்வி இரண்டுக்குமேல் வைக்க வேண்டாம், பத்துக் கேள்வி கேட்டால் பதில் எழுதவே சலித்துவிடும். கார்னிவல் பெரும்பாலும் பிப்ரவரியில் வரும், சில வருடம் மார்ச்சுக்கும் தள்ளும். அதனால் ஜனவரிக் கடைசியில் கேட்டால் பதில் எழுதும்போது அவளுக்குச் சொல்ல விஷயம் இருக்கும். மே மாதத்தில் அனுப்பினால் பயனில்லை. ஜூன் தொடக்கத்தில் அங்கே பள்ளி மூடிவிடும், செப்டம்பரில்தான் திறக்கும்.

உறையில் கியாராவின் வீட்டு முகவரியை வாங்கவில்லை, பள்ளி முகவரிதான். பெயருக்குக் கீழே 'ப்ரெஸ்ஸோ' என்று எழுதிப் பள்ளிப் பெயர். நாம் 'மேற்பார்வை' என்று போடுவதற்கு அதுதான் சொல். தெருப் பெயருக்குப் பின்னால் கதவு எண், அடுத்த வரியில் ஐந்து இலக்க அஞ்சல் எண், பிறகு ஊர், மாகாணத்தின் இரண்டு எழுத்து. கடைசி வரியில் நாட்டின் பெயரை ஆங்கிலத்தில் பெரிய எழுத்துகளில் எழுதினோம், நம் ஊர் அஞ்சலகத்தில் பிரிப்பவர்கள் படிக்க அதுதான் தேவை.

ஆசிரியை கையால் எழுதி அனுப்பிய முகவரியை நகலெடுக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். இத்தாலியர் ஒன்றை எழுதும்போது மேலே நீளமான கொக்கி போடுவார்கள், நம் கண்ணுக்கு ஏழு போலத் தெரியும். அவர்கள் ஏழில் நடுவே ஒரு குறுக்குக் கோடு இருக்கும். குறுக்குக் கோடு இல்லாத 'ஏழு' எல்லாம் ஒன்றுதான். கயல் அதன்படி பார்த்து எண்களைச் சரியாக எழுதினாள்.

பூசணிப் பூவைக் காயவைத்து உள்ளே வைக்க அவள் பாட்டி யோசனை சொன்னார். வேண்டாம் என்றேன். செடி, விதை போன்றவற்றுக்கு ஐரோப்பாவில் கட்டுப்பாடு உண்டு, பொருள் வைத்தாலே சுங்கப் படிவம் வேண்டும். காகிதம் மட்டும் என்றால் சாதாரணக் கடிதம். தலைமை அஞ்சலகத்தில் எடை போட்டு அந்த எடைக்கு அஞ்சல் தலை ஒட்டிக் கொடுத்தோம். கோலம் புள்ளி வைத்த கணக்கு நோட்டுத் தாளில், நீல மையில்.

பதில் வந்துவிட்டது. கியாராவின் வகுப்பில் காளையைப் பற்றித்தான் அதிகம் பேசியிருக்கிறார்கள். காளைக்குப் பெயர் உண்டா, பிடிபடாத காளைக்கு என்ன கொடுப்பார்கள் என்று கேட்டிருக்கிறாள். கோலத்தை வகுப்பில் எல்லோரும் வரைந்து பார்த்தார்களாம். கயல் இப்போது பக்கத்து வீட்டில் போய்க் காளையின் பெயரைக் கேட்டு எழுதி வைத்திருக்கிறாள். இந்த முறை நடந்து முடிந்ததைச் சொல்ல வேண்டியிருப்பதால் இறந்தகால வினை வேண்டும். நோட்டில் அடுத்த பக்கம் அதற்குத்தான்.